இடைவெளியின் விலை

உணவகத்தின் நாள் ஒரே சீராக ஓடுவதில்லை. நண்பகலில் ஒரு கூட்டம் வரும். இரவில் ஒரு கூட்டம் வரும். இரண்டுக்கும் நடுவில் அடுப்பு தணிந்திருக்கும், மேசைகள் காலியாக இருக்கும். அந்த நடுப்பொழுதில் பணியாளர்களை வைத்திருந்து ஊதியம் தர உரிமையாளர் விரும்புவதில்லை. இரவுக் கூட்டத்துக்கு அவர்கள் இல்லாமலும் முடியாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையே பிறந்ததே பிளவுப்பணி. ஒரே நாளில் பணியாளர் இருமுறை வந்து, இருமுறை செல்கிறார். நடுவில் உள்ள நேரத்துக்கு ஊதியம் இல்லை. சென்னை முதல் சான்பிரான்சிஸ்கோ வரை உணவகத் தொழிலில் இம்முறை உண்டு. நம் ஊர் உணவகங்களில் இதனைப் ‘பிரேக் ஷிப்ட்’ என்று வழங்குவர்.

இத்தகைய நாளுக்கு ஊதியம் கணக்கிடுவது எளிதெனத் தோன்றும். உழைத்த மணிகளைக் கூட்டி, மணி ஊதியத்தால் பெருக்கினால் போதும் என்றே பலரும் எண்ணுவர். அந்தக் கணக்கில் நடு இடைவெளியின் மதிப்பு சுழியம். ஆனால், பணியாளருடைய நாளில் அது சுழியமாக இருப்பதில்லை. ஒரு சமையலர் காலை 10.30க்கு வந்து பிற்பகல் 2.30 வரை வேலை செய்கிறார் எனக் கொள்வோம். மீண்டும் மாலை 5.30க்கு வந்து இரவு 9.30க்குச் செல்கிறார். அவர் உழைத்தது 8 மணி நேரம். இடைவெளி 3 மணி நேரம். முதலில் வந்ததிலிருந்து இறுதியாகச் சென்றது வரை 11 மணி நேரம். வீட்டுக்குச் சென்று திரும்பப் போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் கழிந்தால், மீதமுள்ள ஒன்றரை மணி நேரத்தில் வேறொரு வேலைக்குச் செல்ல இயலாது. நிம்மதியாக உறங்கவும் இயலாது. இரட்டைப் பயணத்துக்கான செலவும் அவருடையதே.

இந்த இடைவெளியைச் சட்டம் எவ்வாறு நோக்க வேண்டும்? இதற்கு இருவகை விடைகள் உண்டு. ஒன்று, நாளின் மொத்த நீளத்துக்கு வரம்பு கட்டுவது. இந்தியச் சட்டங்கள் பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓய்வு இடைவேளைகளையும் சேர்த்து ஒரு தொழிலாளியின் நாள் பத்தரை மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது எனப் பொது வரம்பு வகுத்தது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவ்வரம்பை 12 மணி நேரமாக வைத்தது. ஒருநாள் பணியை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிளக்கக் கூடாது என்றும் கூறியது. பேருந்துப் பணியில் காலை நெரிசலும் மாலை நெரிசலும் வேறுவேறு நேரங்களில் வருவதால் அங்கும் இதே சிக்கல் எழுந்திருந்தது. இவ்விரு சட்டங்களும் நாள் எவ்வளவு நீளலாம் என்று சொல்லின. வரம்புக்குள் இருக்கும் இடைவெளிக்கு விலை எதையும் குறிக்கவில்லை.

மற்றொரு விடை, இடைவெளிக்கே ஒரு விலை வைப்பது. அமெரிக்க ஒன்றியத்தின் கலிபோர்னியா மாநிலம் இவ்வழியைத் தேர்ந்தது. அங்குள்ள கணக்கு முறை பார்வைக்குச் சிறியது. ஆயினும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மிகுதி. ஆகவே, அதனைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும்.

விதியும் அதன் ஒரு சொற்றொடரும்

கலிபோர்னியாவில் தொழில்வாரியாக ஊதிய ஆணைகள் உள்ளன. உணவகங்களும் விடுதிகளும் அவற்றுள் ஐந்தாம் எண் ஆணைக்குள் அடங்கும். பணியளிப்பவர் தாமே வகுத்த, ஊதியமற்ற, பணியற்ற நேரத்தால் இடையறுக்கப்பட்ட பணி அட்டவணையே பிளவுப்பணி என்பது அவ்வாணையின் வரையறை. உண்மையான உணவு இடைவேளையும் ஓய்வு இடைவேளையும் இதில் சேரா. உணவு இடைவேளை எனச் சொல்லப்படுவது ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அது பிளவாகக் கொள்ளத்தக்கது என்பது தொழிலாளர் துறையின் விளக்கம். பணியாளர் தம் சொந்தத் தேவைக்காகக் கேட்டுப் பெற்ற இடைவெளி, பணியளிப்பவர் வகுத்தது ஆகாது. எனவே அது பிளவுப்பணியும் ஆகாது. பணியிடத்திலேயே குடியிருப்பவர்க்கும் இவ்விதி பொருந்தாது.

இனி விதி. ஒருவர் பிளவுப்பணி செய்யும் நாளில், குறைந்தபட்ச ஊதிய அளவில் ஒரு மணி நேர ஊதியம், அந்நாளுக்குரிய குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலாகத் தரப்பட வேண்டும். இதனைப் பிளவுப்பணிப் படி எனலாம்.

விதியை வேகமாகப் படிப்பவர், ‘இடைவெளி இருந்தால் ஒரு மணி நேர ஊதியம் கூடுதல்’ என்று முடித்துவிடுவார். அங்கேதான் பிழை நேர்கிறது. படி சேர வேண்டியது ‘அந்நாளின் ஊதியத்துக்கு’ மேலாக என்று விதி சொல்லவில்லை. ‘அந்நாளுக்குரிய குறைந்தபட்ச ஊதியத்துக்கு’ மேலாக என்றே சொல்கிறது. ‘குறைந்தபட்ச’ என்னும் ஒரு சொல் கணக்கு முழுவதையும் மாற்றிவிடுகிறது. பணியாளர் குறைந்தபட்ச அளவைவிடக் கூடுதலாக மணி ஊதியம் பெறுபவராயின், அக்கூடுதல் இந்தப் படியை ஓரளவோ முழுவதுமோ விழுங்கிவிடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வழக்காகவே நீதிமன்றம் சென்றது. காலையில் ஒரு குறுகிய கூட்டத்துக்கு வந்து, பின்னர் அதே நாளில் முழுப்பணிக்கும் வந்த பணியாளர்கள், தமக்கு ஒரு மணி நேர ஊதியம் தனியே சேர வேண்டும் என வாதிட்டனர். அவர்களுடைய மணி ஊதியம் குறைந்தபட்ச அளவைவிட உயர்ந்தது. அந்நாளில் அவர்கள் பெற்ற மொத்தம், உழைத்த மணிகளுடன் ஒரு மணியைக் கூட்டிக் குறைந்தபட்ச அளவால் பெருக்கிய தொகையைவிட மிகுதியாக இருந்தது. எனவே மேற்கொண்டு எதுவும் சேராது என்று 2012இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலிருந்து கிடைக்கும் வாய்பாடு இது:

பிளவுப்பணிப் படி = {(உழைத்த மணிகள் + 1) × குறைந்தபட்ச மணி ஊதியம்} − அந்நாளில் பெற்ற ஊதியம்

விடை சுழியமாகவோ அதற்குக் கீழாகவோ வந்தால் படி இல்லை.

ஒரு சமையலரின் நாள்

முன்னர்க் கூறிய சமையலரையே எடுத்துக்கொள்வோம். அவர் பிரெஸ்னோ நகரில் ஒரு சிறிய குடும்ப உணவகத்தில் பணிபுரிகிறார் எனக் கொள்க. ஆண்டு 2024. அவ்வாண்டில் கலிபோர்னியாவின் பொதுக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டாலர். பெரிய துரித உணவுத் தொடர்களுக்கு அவ்வாண்டு ஏப்ரல் முதல் தனி அளவு வந்தது. இவ்வுணவகம் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

அவருடைய மணி ஊதியம் சரியாக 16 டாலரே எனில், 8 மணி நேரத்துக்கு 128 டாலர் பெறுவார். விதி எதிர்பார்ப்பது 9 × 16, அதாவது 144 டாலர். வேறுபாடு 16 டாலர். ஒரு மணி நேரப் படி முழுமையாகக் கிடைக்கிறது.

மணி ஊதியம் 17 டாலர் எனில் அவர் பெறுவது 136 டாலர். எதிர்பார்க்கும் தொகை அதே 144 டாலர்தான். ஏனெனில் அது அவருடைய ஊதியத்தால் அன்றிக் குறைந்தபட்ச ஊதியத்தால் கணக்கிடப்படுவது. படி 8 டாலர்.

மணி ஊதியம் 18 டாலர் எனில் 8 மணி நேரத்துக்கு 144 டாலர் வந்துவிடுகிறது. படி இல்லை. அவரும் அதே 11 மணி நேர நாளைக் கடக்கிறார். அதே இரட்டைப் பயணத்தைச் செய்கிறார். எனினும் இடைவெளிக்கென அவருக்குத் தனியே எதுவும் சேராது. இவ்விதி இடைவெளிக்கான இழப்பீடு போலத் தோன்றினாலும், உண்மையில் குறைந்த ஊதியம் பெறுவோர்க்கான ஒரு தளமே என்பது இங்குப் புலனாகிறது.

ஆனால், 18 டாலர் பெறுபவர்க்குப் படி எந்நாளும் இல்லை என்று எழுதிவைத்துவிடுவதும் தவறு. வாடிக்கையாளர் குறைந்த ஒரு நாளில் அவர் நண்பகலில் 3 மணி நேரமும் இரவில் 3 மணி நேரமும் மட்டும் உழைத்தார் எனக் கொள்வோம். பெற்றது 6 × 18, அதாவது 108 டாலர். விதி எதிர்பார்ப்பது 7 × 16, அதாவது 112 டாலர். 4 டாலர் சேர வேண்டும். உழைத்த மணிகள் குறையக் குறைய, கூடுதல் ஊதியம் திரண்டு அந்த ஒரு மணியை ஈடுசெய்யும் வாய்ப்பும் குறைகிறது. 8 மணி நேர நாளில் 18 டாலருக்கே மறைந்துபோகும் படி, 4 மணி நேரமே உழைத்த நாளில் 20 டாலர் பெறுபவர்க்குத்தான் முற்றும் மறைகிறது. 2 மணி நேரமே உழைத்த நாளாயின் 24 டாலர் வரை அது நீடிக்கும்.

ஆகவே இக்கணக்கை நாள்தோறும் தனித்தனியாகவே போட வேண்டும். வாரத்தின் மொத்த ஊதியத்தை மொத்த மணிகளால் வகுத்துப் பார்த்து, ‘சராசரி போதுமான அளவு உள்ளது’ என முடிவு செய்யும் கணக்கர்கள் இங்கே சறுக்குகின்றனர். மேற்கண்ட சமையலரின் 4 டாலர், ஏனைய நாள்களின் மிகுதியில் கரைந்து காணாமற்போகும். விதியோ ‘அந்நாளுக்கு’ என்று நாளைச் சுட்டுகிறது. பரிமாறுவோர் பெறும் அன்பளிப்பையும் பெற்ற ஊதியத்தோடு சேர்த்துக் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கலிபோர்னியாவில் அன்பளிப்பு பணியாளருக்கே உரியது. குறைந்தபட்ச ஊதியக் கடப்பாட்டில் அதனை வரவு வைக்க இயலாது.

கூட்டிய அந்த ஒரு மணி உழைத்த மணி அன்று என்பதும் நினைவில் இருத்தத்தக்கது. கலிபோர்னியாவில் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. 8 மணி நேரம் உழைத்தவரின் கணக்கில் 9 என்னும் எண் வந்துவிட்டதால், ஒன்பதாம் மணிக்கு ஒன்றரை மடங்கு கேட்க முடியாது. 9 என்பது கணக்குக்காக எழுந்த எண். கடிகாரம் காட்டிய எண் அன்று.

இடைவெளி உண்மையில் யாருக்குரியது?

இதுவரை கண்ட கணக்கு முழுவதும் ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது. அந்த 3 மணி நேரமும் பணியாளர்க்கே உரியது என்பதே அது. அவர் வெளியே செல்லலாம். தம் விருப்பம்போல் பொழுதைக் கழிக்கலாம். கைப்பேசி அழைப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த எடுகோள் பொய்த்தால் வாய்பாட்டைத் தொடுவதற்கு முன்பே கணக்கு மாறிவிடும்.

உரிமையாளர், “மூன்று மணி நேரமும் இங்கேயே இருங்கள், திடீரென ஆள் வந்தால் அடுப்பை மூட்ட வேண்டியிருக்கும்” என்கிறார் எனக் கொள்வோம். எவரும் வரவில்லை, சமையலர் பின்கட்டில் அமர்ந்து செய்தித்தாள் படித்தார். அப்போதும் அவர் பணியளிப்பவரின் கட்டுப்பாட்டில்தான் இருந்தார். கட்டுப்பாட்டில் இருந்த நேரம் பணிநேரம் என்பதே கலிபோர்னியா ஆணைகளின் நோக்கு. காத்திருப்பதற்காகவே ஒருவரை அமர்த்தியிருந்தால் அக்காத்திருப்பும் வேலையே என்னும் கருத்தை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944ஆம் ஆண்டிலேயே ஏற்றது.

அப்படியாயின் அந்த நாளின் 11 மணி நேரமும் பணிநேரம். மணிக்கு 16 டாலர் பெறும் சமையலர்க்கு முதல் 8 மணி நேரத்துக்கு 128 டாலர். எஞ்சிய 3 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்காகிய 24 டாலர் வீதம் 72 டாலர். ஆக 200 டாலர். இடைவெளிக்கு ஊதியம் வந்துவிட்டமையால் அது பிளவுப்பணி ஆகாது, தனிப்படியும் இல்லை. இடைவெளி உண்மையில் அவருடையதாக இருந்த நாளில், படியும் சேர்ந்து 144 டாலர் வந்தது. ‘இங்கேயே இருங்கள்’ என்னும் ஒரு சொல்லின் விலை 56 டாலர்.

நடைமுறையில் இவ்வளவு தெளிவான கட்டளை அரிது. மாலை நான்கு மணிக்குக் காய்கறி வண்டி வரும். அரைமணி நேரம் வந்து இறக்கி வைத்துவிட்டுப் போகுமாறு சொல்வார்கள். அந்த அரைமணி நேரம் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்டதாகையால் அதற்கு 12 டாலர் சேர வேண்டும். பெரும்பாலும் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. உதவியாகவே எண்ணப்பட்டு மறைகிறது.

நியூயார்க்கின் வேறு அளவுகோல்

அதே நாட்டின் மறுகரையில் நியூயார்க் மாநிலம் வேறோர் அளவுகோலை எடுத்தது. அங்கு இடைவெளி எவ்வளவு என்பது கேள்வி அன்று. நாள் எவ்வளவு நீண்டது என்பதே கேள்வி. பணி தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை, உணவு நேரத்தையும் பணியற்ற இடைவெளியையும் சேர்த்து 10 மணி நேரத்தைத் தாண்டினால், குறைந்தபட்ச அளவில் ஒரு மணி நேர ஊதியம் கூடுதலாகத் தரப்பட வேண்டும். உணவகங்களிலும் ஆண்டு முழுவதும் இயங்கும் விடுதிகளிலும் பணியாளரின் மணி ஊதியம் எவ்வளவாயினும் இது பொருந்தும். கூடுதல் ஊதியம் இதனை விழுங்காது.

2024இல் நியூயார்க் நகரிலும் குறைந்தபட்ச ஊதியம் 16 டாலராகவே இருந்தமையால் ஒப்பிடுவது எளிது. 18 டாலர் பெறும் சமையலரின் 11 மணி நேர நாளுக்குப் பிரெஸ்னோவில் 144 டாலர். நியூயார்க்கில் 160 டாலர். இதைக் கொண்டு நியூயார்க்கின் விதியே தாராளமானது என்று முடிவு கட்டுவது அவசரம். நேரத்தைச் சற்றே மாற்றிப் பார்க்கலாம். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை, பின்னர் 4.30 முதல் இரவு 8.30 வரை. உழைப்பு அதே 8 மணி நேரம். இடைவெளி ஒன்றரை மணி நேரம். நாளின் நீளம் ஒன்பதரை மணி நேரம். இப்போது நியூயார்க்கில் எதுவும் சேராது. நாள் 10 மணி நேரத்தைத் தாண்டவில்லை. பிரெஸ்னோவிலோ, ஒரு மணி நேரத்தைத் தாண்டிய இடைவெளி பிளவாகிறது. மணிக்கு 16 டாலர் பெறுபவர்க்கு 16 டாலர் படி சேர்கிறது. அட்டவணை போடும் மேலாளர்களும் இதை அறிவர். நியூயார்க்கில் நாளைப் பத்து மணி நேரத்துக்குள் சுருக்கப் பார்ப்பர். கலிபோர்னியாவில் இடைவெளியை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கப் பார்ப்பர். இரண்டிலும் பணியாளரின் நாள் ஓரளவு குறுகுகிறது என்பதால், தரப்படாத படியும் வேலை செய்யாமல் இல்லை.

ஏட்டில் பார்க்க வேண்டியது

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. உழைத்த மணிகளின் கூட்டுத்தொகை மட்டும் தெரிந்தால் கணக்குப் போட முடியாது. ‘8 மணி நேரம்’ என்று மட்டும் காட்டும் ஊதியச்சீட்டில் இடைவெளியே புலப்படாது. காலை முதல் மாலை வரை தொடர்ந்து உழைத்தவரும், இருமுறை வந்து சென்றவரும் அதில் ஒருவரே. எனவேதான் கலிபோர்னியாவின் ஊதிய ஆணை, ஒவ்வொரு பணிப்பகுதியும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உணவு இடைவேளை, பிளவு இடைவெளி, நாளின் மொத்த மணிகள் ஆகியவற்றைப் பதிவு செய்யுமாறு பணியளிப்பவரைப் பணிக்கிறது.

படி ஒழுங்காகத் தரப்படுகிறதா என அறிய விரும்பும் பணியாளர், ஒரு வாரத்துக்குத் தாம் வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் நாளொன்றுக்கு நான்கு எண்களாகக் குறித்து வைத்தால் போதும். அவற்றை ஊதியச்சீட்டோடு ஒப்பிட்டால் பிழை எங்கிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். படி எந்த நாளிலும் இல்லையெனில், இடைவெளியே ஏட்டில் ஏறவில்லை என ஐயுறலாம். மணிக்கு 17 டாலர் பெறும் ஒருவர்க்கு எட்டு மணி நேர நாள்தோறும் 16 டாலர் சேர்ந்திருந்தால், கணக்கர் ‘குறைந்தபட்ச’ என்னும் சொல்லைக் கவனியாமல் மிகுதியாகக் கொடுத்திருக்கிறார். முழு நாள்களுக்குச் சரியாக வந்து, ஆறு மணி நேர நாள்களுக்கு மட்டும் சில டாலர்கள் குறைந்திருந்தால், அவர் நாளை விட்டுவிட்டு வாரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்.